டிக்கெட் தலைப்பு: தமிழா, தங்கிலீஷா, ஆங்கிலமா?

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் ஆப் ஒன்றை ஹட்டனில் இருந்து பராமரிக்கிறோம். ஆறு பேர் கொண்ட அணி. தராசில் விழும் நிறை கைப்பேசிக்கு வரும், கூடைக்கும் ஈரத்துக்கும் உரிய கழிவை ஆப்பே கழிக்கும், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் கணக்கு சர்வருக்குப் போகும். ஐந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி. ஆறாமவர் கண்டியில் இருக்கும் சிங்கள நண்பர். தமிழ் பேசினால் அவருக்குப் புரியும், வாசிக்க வராது.

ஆப்பின் பிழைகளைப் பதிந்துவைக்கும் டிக்கெட்டை எந்த மொழியில் எழுதுவது என்று நாங்கள் முதலில் பேசிக்கொள்ளவே இல்லை. அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதினோம். போன வருடம் புதிதாக வந்த தம்பி ஒருவர், சில ஆட்களுக்குக் கழிவு இரண்டு தரம் வெட்டுப்படுகிறது என்று ஒரு டிக்கெட் போட்டு, இரண்டு நாள் அதிலேயே கிடந்தார். பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அதே பிழையை அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நாங்களே பிடித்திருந்தோம். பதில் வராமல் ஆப் மறுபடி அனுப்பும்போது, கழிவு கழித்தாயிற்று என்று சொல்லும் `is_net` என்ற புலம் விடுபட்டுப் போகும். சர்வர் அதை மொத்த நிறை என்று நினைத்து இன்னொரு தரம் கழிக்கும். காரணம் பழைய டிக்கெட்டில் வரிக்கு வரி இருந்தது. "தேடிப் பார்த்தேன் அண்ணா, ஒன்றும் வரல" என்றார். பொய்யில்லை. அந்தத் தலைப்பு இது:

```
கொழுந்து கழிவை ரெண்டு தரம் வெட்டுது
```

அவர் தேடியது `deduction`, `duplicate`, கடைசியாக `கழிவு`. முதல் இரண்டும் கிடைக்காததில் ஆச்சரியமில்லை. மூன்றாவது ஏன் கிடைக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான டிக்கெட் கருவிகள் எழுத்துத் துண்டைத் தேடுவதில்லை, முழுச் சொல்லைத் தேடுகின்றன. ஆங்கிலத்தில் `deductions` என்று எழுதியிருந்தாலும் பின்னொட்டை வெட்டி `deduction`-உடன் சேர்த்துவிடும் ஏற்பாடு வழக்கமாக உள்ளேயே இருக்கும். தமிழுக்கு அந்த ஏற்பாடு இயக்கப்படாத கருவியில் கழிவு, கழிவை, கழிவில், கழிவுக்கு நான்கும் நான்கு வேறு சொற்கள். `கொழுந்து` என்று தேடலாமே என்றால், எங்கள் டிக்கெட்டில் பாதியில் அந்தச் சொல் இருக்கிறது.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. ஜிரா போன்ற கருவிகளில் சொல்லின் கடைசியில் நட்சத்திரம் போடலாம். சொல்லின் இறுதியில் இருக்கும் உயிர்க்குறியையோ 'ம்' எழுத்தையோ விட்டுவிட்டுப் போட வேண்டும்:

```
summary ~ "கழிவ*"
summary ~ "சம்பள*"
```

இரண்டாவது வரி சம்பளம், சம்பளத்தை, சம்பளத்தில் மூன்றையும் பிடிக்கும். ஆனால் சொல் ஒட்டிக்கொண்டால் இதுவும் கை விரிக்கும். `பேர*` என்று தேடினால் அரைநாள் சம்பளத்தைக் குறிக்கும் 'அரைப்பேர்' வராது, ஏனென்றால் அந்தச் சொல் 'அரை'யில் தொடங்குகிறது. ரெட்மைன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் வழக்கமான தேடல் சொல்லுக்கு நடுவிலும் பார்க்கும்.

தங்கிலீஷைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தட்டச்சுக்கு வேகம், தேடலுக்கு விஷம். கொழுந்தை எங்கள் ஐந்து பேரில் ஒருவர் `kolunthu` என்றும், ஒருவர் `kolundu` என்றும், சென்னையில் படித்து வந்தவர் `kozhundhu` என்றும் எழுதுவார். ஒரே ஆளே காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி எழுதுவதும் நடக்கும். அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தேர்வு ஆங்கிலத் தலைப்பு, தமிழ்க் கருத்துரை. ஆனால் வெறும் ஆங்கிலத் தலைப்பு போதாது என்பதைப் பிந்தித்தான் கற்றுக்கொண்டோம். தோட்டத்திலிருந்து கணக்கப்பிள்ளை போன் பண்ணும்போது `deduction` என்றா சொல்வார்? "கழிவு கூட வெட்டுது" என்பார். போனை எடுத்தவர் அந்தச் சொல்லை வைத்துத்தான் தேடுவார். அதனால் விவரத்தின் முதல் வரியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். அடுத்த வரியில் வேற்றுமை உருபு ஏறாத சொற்கள். மேலே சொன்ன டிக்கெட்டை இப்படித் திருத்தினோம்:

```
[weighing] Deduction applied twice after offline resend

சொன்னது: "கழிவ ரெண்டு தரம் வெட்டுது, நேத்து மழை"
தேட: கழிவு, நிறை, இரண்டு தரம், ரெண்டு தரம்
```

தலைப்பு கண்டி நண்பருக்கும் புரிகிறது. `தேட` வரி எழுத அரை நிமிடம்கூட ஆகாது. பேச்சு வடிவம், எழுத்து வடிவம் இரண்டையும் போடுவது முக்கியம். 'அரைப்பேர்' மாதிரிச் சொல்லை அப்படியே வைக்கிறோம். அதை ஆங்கிலப்படுத்தி ஆளுக்கொரு பெயர் வைத்தால் மறுபடி அதே குழப்பம்.

கருத்துரையில் தமிழுக்குத் தடையில்லை, இரண்டு கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஒன்று, ஆங்கிலச் சொல்லோடு தமிழ் உருபு சேரும் இடம். `sync-இல்` என்று நடுக்கோடு போட்டால் தேடல் கருவி அதை `sync` என்றும் `இல்` என்றும் பிரித்துக்கொள்ளும். `syncஇல்` என்று ஒட்டினால், சொல் பிரிக்கும் யூனிகோடு விதிப்படி முழுவதும் ஒரே சொல். எழுத்து மாறுகிற இடம் என்பதற்காக அந்த விதி வெட்டுவதில்லை. ஆக, `sync` என்று தேடுபவருக்கு அது அகப்படாது. எங்கள் பழைய கருத்துரைகளில் இப்படி ஒட்டியது நிறைய இருந்தது. இரண்டு, பிழைச்செய்தியைப் படம் பிடித்து மட்டும் போடக் கூடாது. எழுத்துக்கு எழுத்து ஒட்ட வேண்டும், மொழிபெயர்க்கவும் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதுவும் 'கொழுந்து'விலேயே. 'கொ'வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. சமப்படுத்தாத கருவியில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. சந்தேகம் வந்தால் டிக்கெட்டிலிருந்து எழுத்தை நகலெடுத்துப் பாருங்கள்:

```
python3 -c "print(len('கொ'))"
```

2 வந்தால் ஒரே குறி, 3 வந்தால் பிரிந்த குறி. கருவிகளுக்கு இடையே டிக்கெட்டை மாற்றும்போது எல்லாவற்றையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தொல்லை தீரும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்திலிருந்து ஒட்டுவது தனிக் கதை. அங்கே 'சம்பளம்' `rk;gsk;` என்று வந்து உட்காரும், எந்தத் தேடலுக்கும் சிக்காது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

முழுத் தமிழ்த் தலைப்பு எல்லாருக்கும் தோற்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆறு பேருக்கும் தமிழ் வாசிக்க வந்து, கருவியும் சொல்லுக்கு நடுவில் தேடுவதாக இருந்தால் நானே அதைத்தான் எடுத்திருப்பேன். ஐம்பது பேர் அணியில் எங்கள் `தேட` வரி தாக்குப்பிடிக்குமா என்பதும் நான் பார்த்ததில்லை. எங்களிலேயே இருவர் அதை எழுத மறக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் தம்பிதான் உட்கார்ந்து நிரப்புகிறார்.