புரதத்தைக் குறைப்பதா, கொடுப்பதா?

ஈரல் சுருங்கி மூளை குழம்பிய நோயாளி. வயிற்று நீரைக் கழித்தால் எடை 60 கிலோ. பழைய சீட்டில் "புரதம் நாளுக்கு 30 கிராம்" என்றிருந்தது. புரதத்திலிருந்து உருவாகி மூளையைக் குழப்பும் அம்மோனியா குறையும் என்ற கணக்கு அது. ஆனால் ஈரல் தளரும்போது அம்மோனியாவை வாங்கிக்கொள்வது தசைதான். பட்டினி போட்டால் உடல் அந்தத் தசையையே கரைக்கும், அம்மோனியா கூடும்.

மற்ற வழி, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்: இவருக்கு 72 முதல் 90. பலவேளையாகப் பிரித்து, படுக்குமுன் ஒரு சிற்றுணவும் சேர்த்து. நான் இதையே எழுதுவேன், காரணத்தோடு:

"புரதக் கட்டுப்பாடு நீக்கம். தசை இழப்பு தெரிகிறது. குழப்பத்தின் தூண்டுதல் மலச்சிக்கல், உணவல்ல. லாக்டுலோஸ் தொடக்கம், நாளுக்கு 2–3 இளக்கமான மலம் இலக்கு."

காரணம் எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் பழைய 30 திரும்பிவிடும். முழு மயக்கத்தில் வாய்வழி ஊட்டக் கூடாது; மூக்குக் குழாய் வேண்டும்.