அன்லிமிடெட் டேட்டா: வரம்பு தாண்டிய பிறகு 64 கேபிபிஎஸ்ஸில் என்ன ஓடும்?

அன்லிமிடெட் பிளான்களில் டேட்டா நிற்காது, வேகம்தான் விழும். எவ்வளவு விழும் என்பதை விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. பிளானின் விதிமுறைகளில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற பகுதியில் ஒரு வரியாக இருக்கும். 64 அல்லது 128 கேபிபிஎஸ் என்று பார்த்தால் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி புகைப்படம் ஒன்று இறங்க 250 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்கு மேல். எழுத்துச் செய்திகள் போய்விடும். வீடியோவை மறந்துவிடலாம். படங்கள் நிறைந்த இணையப் பக்கங்கள் பாதியில் ‘டைம் அவுட்’ ஆகும். இணையவழிக் குரல் அழைப்பு தாக்குப்பிடிக்கலாம், ஆனால் பின்னணியில் வேறெதுவும் ஓடக்கூடாது.

உண்மையான தொல்லை அந்தப் பின்னணிதான். ஏதோ ஒரு ஆப் புகைப்படங்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தால் வரிசையில் 40 கிலோபைட் தேங்கினாலே போதும், அடுத்து நாம் அனுப்பும் ஒவ்வொன்றும் ஐந்து நொடி காத்திருக்கும். அதனால்தான் பலருக்கு நெட் அடியோடு செத்துவிட்டதாகத் தோன்றுகிறது. வரம்பு தாண்டியதும் ஆண்ட்ராய்டில் Data Saver, ஐபோனில் Low Data Mode போட்டு, கிளவுட் பேக்கப்பையும் ஆப் அப்டேட்டையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால் மெசேஜ் அனுப்பும் அளவுக்காவது உயிர் வரும்.

டவர் நெரிசலும் இதே போலத்தான் தெரியும், குழப்பிக்கொள்ள வேண்டாம். நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும், பின்னிரவில் சரியாகும், இடம் மாறினாலும் மாறும். வரம்பால் வந்த வேகக்குறைப்பு எந்த நேரத்தில், எங்கே சோதித்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும். சிக்னல் முழுதாக இருக்கும். அதே நிறுவனத்தின் இன்னொரு சிம் பக்கத்திலேயே வேகமாக ஓடும். சில பிளான்களில் மூன்றாவது வகையும் உண்டு: வரம்புக்குப் பிறகு வேகத்துக்கு உச்சவரம்பு வைக்காமல், டவரில் கூட்டம் இருக்கும்போது மட்டும் நம்மை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவார்கள். இது எவ்வளவோ மேல்.

போன் காட்டும் டேட்டா கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் அதன் சுழற்சித் தேதி பல போன்களில் மாதத்தின் 1ஆம் தேதி என்று இருக்கும். உங்கள் பில் தேதி வேறாக இருக்கலாம். தேதியைச் சரிசெய்து, எச்சரிக்கையை வரம்பின் 80 சதவீதத்தில் வையுங்கள். அப்லோடும் ஹாட்ஸ்பாட்டும் கணக்கில் சேரும். சில பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு இன்னும் சிறிய வரம்பு தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.

புதிய சுழற்சி தொடங்கியும் அல்லது கூடுதல் டேட்டா வாங்கியும் வேகம் திரும்பவில்லையா? பழைய இணைப்பிலேயே போன் தொடர்ந்துகொண்டிருக்கலாம். ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். இணைப்பு புதிதாக உருவாகி, பெரும்பாலும் வேகம் வந்துவிடும்.