பவர் சரி, மையம் தப்பு: புதுக் கண்ணாடியில் தலைவலி வந்தால் இதைப் பாருங்கள்

புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து புருவத்தைச் சுற்றி வலிக்கிறது, கடையில் கேட்டால் "பவர் கரெக்டா இருக்கு, பழகிடும்" என்கிறார்களா? எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பவர் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. கோளாறு வேறு இடத்தில்.

லென்ஸில் ஒளியைத் திருப்பாமல் நேராக விடும் புள்ளி ஒன்று உண்டு. அதுதான் ஒளியியல் மையம். அது கண்மணிக்கு நேரே வர வேண்டும். என் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம், அதாவது பி.டி., 60 மி.மீ. கடையில் அதை அளக்கவே இல்லை. என் பிரேமின் காதுக்கம்பியில் 50-18 என்று இருக்கிறது: ஒரு லென்ஸின் அகலம் 50, மூக்குப் பாலம் 18. கூட்டினால் 68, அதுதான் இரண்டு வளையங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். லென்ஸின் மையத்தை ஒவ்வொரு வளையத்தின் நட்டநடுவிலும் வைத்து வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. வெளியே போய்விட்டது.

மையம் விலகிய லென்ஸ், பிம்பத்தை ஒரு பக்கமாக நகர்த்தும் பட்டகம், அதாவது பிரிசம் மாதிரியும் வேலை செய்யும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்கினால் அதன் அளவு கிடைக்கும். எனக்கு இரு கண்ணிலும் மைனஸ் 6. எனவே 0.4 × 6 = 2.4 பிரிசம் டயாப்டர். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 4.8. ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் பொருளின் இரண்டு பிம்பங்களும் சுமார் 29 செ.மீ. விலகிப்போகும் அளவு அது. அவற்றை ஒன்றாக்க என் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். உள்ளே குவிவது கண்ணுக்கு எளிது, வெளியே விரிய அதற்குச் சக்தி குறைவு. சாயங்காலம் ஆனால் தெருவிளக்கு இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் உடனே நிம்மதி.

கடையில் என்னிடம் படிக்கும் அட்டையைக் கொடுத்து "தெளிவா இருக்கா?" என்றார்கள். தெளிவாகத்தான் இருந்தது! கிட்டத்தில் படிக்கும்போது கண்கள் உள்ளே குவிய வேண்டும். இந்தத் தப்பு அந்த வேலையைக் குறைத்துவிடுகிறது. தூரத்தைப் பார்க்கச் சொல்லவே இல்லை. பவர் 1 உள்ளவருக்கு இதே தவறு மொத்தம் 0.8தான், பெரும்பாலும் உணரவே மாட்டார். இப்படித்தான் கடைகள் தப்பிக்கின்றன.

சோதிக்க ஒரு வழி: கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, லென்ஸ் வழியாகக் கதவு நிலையின் செங்குத்து விளிம்பைப் பாருங்கள். லென்ஸுக்கு உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் ஒரே நேராகும் வரை பக்கவாட்டில் நகர்த்தி, கோடு கடக்கும் இடத்தில் மார்க்கரால் குறியுங்கள். இன்னொரு லென்ஸிலும் இதே போல. குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை உங்கள் பி.டி.யோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர் பவர் இருந்தால் கோடு சாய்ந்து ஏமாற்றும், புரோகிரசிவ் லென்ஸுக்கும் மருத்துவரே பிரிசம் எழுதிய சீட்டுக்கும் இது பொருந்தாது. அப்போது வேறு கடையில், லென்ஸின் பவரையும் மையத்தையும் அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து மையத்தைப் புள்ளியிட்டுத் தரச் சொல்லுங்கள்.

எனக்குக் குறிகளுக்கு இடையே 68 மி.மீ. வந்தது. அதைக் காட்டிய பிறகுதான் லென்ஸை மாற்றித் தந்தார்கள். இம்முறை வலது, இடது கண்ணுக்குத் தனித்தனியாக பி.டி. அளந்து, பில்லிலேயே எழுதி வாங்கினேன்.