பவுனா, தோலாவா, அவுன்ஸா: தங்க விலையை எந்தக் கணக்கில் வைத்து ஒப்பிடுவது?

தங்கையின் கல்யாணத்துக்குப் பத்துப் பவுன் வாங்க வேண்டியிருந்தது. அப்போது வீட்டில் மூன்று விலைகள் பேச்சில் அடிபட்டன. சென்னைக் கடையில் 22 காரட் ஒரு பவுன் 88,000 ரூபாய். மும்பையில் இருக்கும் மாமா, அங்கே 24 காரட் ஒரு தோலா 1,20,900 என்றார். லண்டனில் ஒரு அவுன்ஸ் 4,000 டாலர் என்று செய்தியில் சொன்னார்கள். டாலர் 88 ரூபாய். கணக்கு எளிதாக வரட்டும் என்று எண்களை முழுமையாக்கியிருக்கிறேன், மற்றபடி நடந்தது இதுதான். இந்த மூன்றில் எது மலிவு என்று பார்க்க முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எந்த அளவுக்கு?

நம் ஊரில் முதலில் வாயில் வருவது பவுன்தான். சவரன் என்றாலும் அதேதான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் அது 8 கிராம், அதில் குழப்பமே இல்லை. பெயர் வந்தது பிரிட்டிஷ் சவரன் நாணயத்திலிருந்து. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம், அதை முழுமையாக்கித்தான் நாம் 8 என்கிறோம். பாட்டியின் பெட்டியில் பழைய ராணி தலை நாணயம் இருந்து, அதை 'ஒரு பவுன்' என்று கணக்கில் சேர்த்தால் 0.012 கிராம் குறையும். அது பெரிய விஷயமில்லை. பவுனின் உண்மையான தொல்லை மாற்றில், அதாவது தங்கத்தின் சுத்தத்தில் இருக்கிறது. சென்னையில் பவுன் விலை என்றால் பொதுவாக 22 காரட் ஆபரணத் தங்கத்தின் விலை. கொழும்பில் 24 காரட் பவுன், 22 காரட் பவுன் என்று இரண்டு விலையும் சொல்வார்கள். வெறும் 'பவுன் இவ்வளவு' என்று காதில் விழுந்தால் எந்தக் காரட் என்று கேட்காமல் பேச்சைத் தொடரக் கூடாது, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவே 9 சதவீத வித்தியாசம் இருக்கிறது.

தோலாதான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஏனென்றால் அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு எடை இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் நிர்ணயித்த தோலா 180 கிரெய்ன், அதாவது 11.664 கிராம். காத்மாண்டுவிலும் கராச்சியிலும் இன்றும் அதுதான் தோலா. விமான நிலையத்தில் பிடிபடும் தங்க பிஸ்கட் பற்றிச் செய்தி படித்திருப்பீர்கள். துபாய் பக்கமிருந்து வரும் பத்துத் தோலா பிஸ்கட் ஒன்றின் எடை 116.6 கிராம். ஆனால் மும்பையிலும் வடக்கே பல ஊர்களிலும் பேச்சுவழக்கில் தோலா என்றால் 10 கிராம். மெட்ரிக் முறை வந்த பிறகும் பழைய சொல் நாக்கில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மாமா சொன்ன விலையில் நாங்கள் சறுக்கியது இங்கேதான். இணையத்தில் தேடி 11.664 என்று எடுத்து 1,20,900-ஐ வகுத்தேன். கிராம் 10,365 ரூபாய் வந்தது. சென்னை விலையை 8-ஆல் வகுத்தால் 22 காரட் கிராம் 11,000. அதைச் சுத்தத் தங்கமாக்க 24-ஆல் பெருக்கி 22-ஆல் வகுக்க வேண்டும், 12,000 வருகிறது. மும்பையில் கிராமுக்கு 1,600 ரூபாய்க்கு மேல் குறைவா? பத்துப் பவுனில் இருக்கும் சுத்தத் தங்கம் 73.33 கிராம். அதற்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் மிச்சமாகும். அம்மா ரயில் டிக்கெட் எடுக்கவே சொல்லிவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே நாட்டுக்குள் தங்கம் அவ்வளவு விலை வித்தியாசத்தில் விற்காது. விற்றால் வியாபாரிகளே அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்து கொட்டி, வித்தியாசத்தைக் கரைத்துவிடுவார்கள். இந்த இடத்தில்தான் அவுன்ஸ் உதவியது.

தங்கத்துக்கான அவுன்ஸ் ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம். சமையல் குறிப்பில் வரும் சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான். 4,000 டாலரை 31.1035-ஆல் வகுத்தால் கிராம் 128.60 டாலர், நம் பணத்தில் 11,317 ரூபாய். லண்டன் விலை சுத்தத் தங்கத்துக்குச் சொல்வது, அதனால் மாற்றுக் கணக்கு தனியாகப் போட வேண்டாம். இறக்குமதி வரியை 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த 6 சதவீதத்தைச் சேர்த்தால் 11,996. சென்னை விலையின் 12,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அப்படியென்றால் சென்னைக் கணக்கு சரி. மும்பையின் 10,365 வரிக்கு முந்தைய லண்டன் விலையைவிடவே குறைவு. வரி கட்டி வந்த தங்கம் அந்த விலைக்குக் கிடைக்க வழியில்லை, ஆகவே நான் வகுத்த எண்தான் தப்பு.

தெரியாமல் 28.35-ஆல் வகுத்திருந்தால் லண்டன் கிராம் 12,416 என்று வந்து, வரி கட்டிய சென்னைத் தங்கம் லண்டனைவிட மலிவாகத் தெரிந்திருக்கும். உள்ளூர் விலை உலக விலைக்கு வெகுவாகக் கீழே போனால், எங்கோ அவுன்ஸோ தோலாவோ மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவுன்ஸுக்கும் பழைய தோலாவுக்கும் ஓர் அழகான உறவு உண்டு. ட்ராய் அவுன்ஸ் 480 கிரெய்ன், தோலா 180. அதனால் ஒரு தோலா சரியாக எட்டில் மூன்று அவுன்ஸ். 4,000 டாலர் அவுன்ஸ் என்றால் தோலா 1,500 டாலர், பேனாவே தேவையில்லை. கராச்சி விலை பார்க்கும்போது இன்னொரு சோதனையும் கைவசம் இருக்கிறது. அங்கே தோலா விலையோடு 10 கிராம் விலையையும் தனியாகச் சொல்வார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.857 வர வேண்டும். வந்தால் அது பழைய தோலா.

ஆக, நான் தேர்ந்தெடுப்பது கிராம்தான். அதுவும் வெறும் கிராம் அல்ல, சுத்தத் தங்கத்தின் ஒரு கிராம். பவுனை 8-ஆல் வகுத்து, 22 காரட் என்றால் பன்னிரண்டால் பெருக்கிப் பதினொன்றால் வகுத்தால் போதும். கடைசி விடை வரும்வரை இடையில் எண்களை முழுமையாக்காமல் இருப்பது நல்லது. 31.1035-க்குப் பதில் 31.1 வைத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் பிசகும், வீட்டுக் கணக்குக்கு அது தாங்கும். அவுன்ஸைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். தோலாவை எத்தனை கிராம் என்று சொன்னால் ஒழியக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் இந்த ஒப்பீடு முடிந்த பிறகு கூட்ட வேண்டியவை. முன்பே கலந்தால் எந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

மாமாவுக்கு மறுபடி போன் போட்டேன். "மாமா, அந்தக் கடையில் தோலா என்றால் எத்தனை கிராம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "பத்து கிராம்தான்டா, வேறென்ன?" கிராம் 12,090. பத்துப் பவுன் அளவுக்கு மும்பை சென்னையைவிட 6,600 ரூபாய் அதிகம். அவர் சொன்னது ஆயிரத்தில் 999 பங்கு சுத்தமான தங்கமா 995 பங்கா என்றும் கேட்டிருக்கலாம். 995 என்றால் சுத்த கிராம் 12,151 ஆகி, வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும். அதற்குள் அம்மா சென்னைக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.