வீடியோ கால் இன்டர்வியூ: ரிங் லைட் வாங்கலாமா, மேற்கு ஜன்னலே போதுமா?

அக்கா மகளுக்குப் பெங்களூரு கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலைக்கு இன்டர்வியூ. மே மாதம், மாலை 4 மணி, ஒரு மணி நேரம், வீடியோ காலில். வீடு காவேரிப்பட்டணத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேற்கே ஒரு ஜன்னல், தரையில் டைல்ஸ், சுவரில் பச்சை டிஸ்டம்பர், கண்ணாடி வைத்த பீரோ ஒன்று. "மாமா, ரிங் லைட் ஒன்னு ஆர்டர் போட்டுடவா?" என்று போனில் கேட்டாள். செலவுக்கு ஆயிரம் ரூபாய் வரை வைத்திருந்தாள். அந்த ஆயிரத்தை எதில் போடுவது என்று பார்க்கும்போது எதிரும் புதிருமாக நின்றவற்றைத்தான் இங்கே அலசியிருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

வெளிச்சம்

போட்டியில் மூன்று பேர்: ஜன்னல், அறையின் டியூப் லைட், ரிங் லைட்.

முதலில் டியூப் லைட்டைத் தள்ளிவிடலாம். அது சுவரில் ஏழெட்டு அடி உயரத்தில் இருக்கும். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் நெற்றி மினுங்கும், கண் குழிகள் இருட்டும். கூடவே இன்னொரு வம்பும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூபும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 தடவை மின்னி மங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. சில லேப்டாப் கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டு வந்திருக்கும். அவற்றில் படத்தின் மேல் கிடைமட்டப் பட்டைகள் ஓடும். அப்படி ஓடினால் கேமரா அமைப்புகளில் 50 Hz என்று மாற்ற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான்.

ரிங் லைட்டின் பலம், அது நேரங்காலம் பார்க்காது. இரவு 8 மணிக்கு இன்டர்வியூ என்றால் யோசிக்காமல் அதை வாங்கலாம். பலவீனம், கண்ணாடி போட்டவர்களுக்கு இரண்டு லென்ஸிலும் வெள்ளை வளையம் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் ஓரடி நகர்த்தி, தலைக்கு மேல் ஓரடி உயர்த்தினால் வளையம் லென்ஸை விட்டு விலகிவிடும். ஆனால் மலிவான ரிங் லைட்டோடு வரும் குட்டி ஸ்டாண்டில் அந்த உயரம் கிடைக்காது. அக்கா மகள் கண்ணாடி போடுகிறவள்.

ஜன்னலுக்குச் செலவே இல்லை. பரப்பு பெரிது என்பதால் நிழல்கள் மென்மையாக விழும். ஜன்னலுக்கு முகம் காட்டி உட்கார வேண்டும், இரண்டு மூன்று அடி தள்ளி. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் கேமரா அந்தப் பளீர் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு முகத்தைக் கரிக்கட்டையாக்கிவிடும். இது பலருக்கும் தெரியும்.

தெரியாமல் போவது சூரியனின் நகர்வு. மேற்கு ஜன்னலில் மே மாதம் 4 மணிக்கு சன்ஷேடு வெயிலைத் தடுத்துவிடும், படம் அருமையாக இருக்கும். நாலரை ஆகும்போது சூரியன் இறங்கி, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து, பாதி முகத்தில் அடிக்கும். அதாவது இன்டர்வியூவின் நடுவில். முந்தின நாள் அதே நேரத்தில், 4 முதல் 5 வரை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது தெரியவரும். தீர்வு கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது: அவள் அப்பாவின் வெள்ளை வேட்டி. ஒரு மடிப்பாக ஜன்னல் கம்பியில் கட்டியதும் நேர் வெயில் பரவலான வெளிச்சமாகிவிட்டது. வெள்ளைத் துணியாகவே இருக்கட்டும். கலர் துணி என்றால் முகத்திலும் அந்தக் கலர் ஏறும்.

அப்புறம், ஜன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் பல்பையும் சேர்த்துப் போடாதீர்கள். முகத்தின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சும் அடிக்கும். இரண்டு நிறங்களை ஒரே நேரத்தில் சரிசெய்ய எந்தக் கேமராவாலும் முடியாது.

ஆக, பகல் இன்டர்வியூவுக்கு ஜன்னல், ஆறு மணிக்கு மேல் ரிங் லைட். 4 மணிக்காரியின் ஆயிரம் ரூபாய் அப்படியே மிச்சம்.

கேமரா உயரம்

லேப்டாப்பை மேஜையில் அப்படியே வைத்தால் கேமரா மேஜையிலிருந்து சுமார் 23 செ.மீ. உயரத்தில் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தவளின் கண் மேஜையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில். இடைவெளியைச் சமாளிக்க எல்லோரும் திரையைப் பின்னால் சாய்ப்பார்கள். உடனே படத்தில் மூக்குத் துவாரமும், தலைக்குப் பின்னால் சுற்றும் சீலிங் ஃபேனும், எரிந்தால் டியூப் லைட்டும் வந்துவிடும். டியூப் படத்துக்குள் வந்துவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் பட்ட பாடும் வீண், முகம் மறுபடி இருளும்.

வேண்டியது 17 செ.மீ. தடிமனான இன்ஜினியரிங் புத்தகங்கள் நான்கைந்து போதும். எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஆடும். லேப்டாப்பை உயர்த்திய பிறகு அதில் டைப் செய்வது சிரமம். புரோகிராம் எழுதச் சொல்லும் இன்டர்வியூ என்றால் தனிக் கீபோர்டும் மவுஸும் பக்கத்து வீட்டிலாவது கடன் வாங்கிக்கொள்ளுங்கள். திரையிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்து, கேள்வி கேட்பவரின் முகம் தெரியும் கட்டத்தைத் திரையில் இழுத்துக் கேமராவுக்கு நேர் கீழே வைத்துக்கொண்டால் பார்வை அலையாது.

இதற்குப் போட்டி, போனை டிரைபாடில் மாட்டுவது. பழைய லேப்டாப் கேமராவைவிடப் போன் கேமராவில் படம் தெளிவாக இருக்கும், உயரமும் இஷ்டத்துக்கு வைக்கலாம். இருந்தாலும் அவள் விஷயத்தில் நான் வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் இன்டர்நெட்டே போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரே போன் கேமராவாகவும் ஹாட்ஸ்பாட்டாகவும் மே மாத வெக்கையில் ஒரு மணி நேரம் ஓடினால் கொதிக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் பேச்சு அறுபடும். வீட்டில் தனி பிராட்பேண்ட் இருந்து, லேப்டாப் கேமரா உண்மையிலேயே மோசம் என்றால் போனைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு 14 முதல் சில போன்களை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் லேப்டாப்புக்கே கேமராவாகிவிடும். ஒரு கை நீளத்துக்குக் கிட்டே மட்டும் வைக்காதீர்கள், மூக்கு பெரிதாகத் தெரியும்.

பின்னணி

வெறும் சுவரா, மங்கலாக்கும் வசதியா? சுவர். மங்கலாக்குவது பழைய லேப்டாப்பைச் சூடாக்கும், உள்ளே இருக்கும் விசிறி இரையும், தலைமுடி ஓரம் பிய்ந்து பிய்ந்து தெரியும். அதை எடுக்கச் சொல்லும் இன்டர்வியூக்காரர்களும் உண்டு. எடுத்தால் பின்னால் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். இங்கே பீரோ கண்ணாடியில் ஜன்னலும், குறுக்கே நடக்கும் அக்காவும் தெரிந்தார்கள். மேஜையைத் திருப்ப முடியாது, ஜன்னல் முகத்துக்கு நேரே வேண்டும். அதனால் பீரோவைத்தான் ஓரமாக நகர்த்தினோம். சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே மூன்றடி விட்டால் பச்சை டிஸ்டம்பரின் சாயல் கன்னத்தில் ஏறாது. தினசரி காலண்டர் ஒன்று தொங்கினால் தொங்கட்டும்.

ஒலி

பணம் போட வேண்டிய இடம் இதுதான். படம் சுமாராக இருந்தால் எதிரில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். பதிலில் பாதி கேட்காவிட்டால் "சாரி, ஒன்ஸ் மோர்" என்று இரண்டு தடவை கேட்பார், மூன்றாம் தடவை கேட்காமலே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

லேப்டாப் மைக், புளூடூத் பட்ஸ், கம்பி இயர்போன் என்று மூன்று வழிகள். லேப்டாப் மைக் வாயிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும். கம்பி இயர்போனின் மைக் 15 முதல் 20 செ.மீ.க்குள். தூரம் மூன்று மடங்கானால் மைக்கை எட்டும் குரலின் வலு ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஃபேன் இரைச்சலும் டைல்ஸ் தரையில் மோதித் திரும்பும் எதிரொலியும் மட்டும் குறைவதே இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். அறையில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், கணீரென்று நீண்டால் லேப்டாப் மைக் கைகொடுக்காது.

புளூடூத் பட்ஸ் பாட்டுக்கு அருமை. வீடியோ காலில் மைக் திறந்ததும் பெரும்பாலான பட்ஸ் வேறு முறைக்கு மாறிக்கொள்ளும். நாம் பேசுவது, கேட்பது இரண்டுமே பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கும். சிறு தாமதமும் சேர்வதால் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். சார்ஜ் தீரும் பயம் வேறு.

முந்நூறு, நானூறு ரூபாய் கம்பி இயர்போன் இதில் ஜெயிக்கிறது. குறை இல்லாமல் இல்லை. துப்பட்டாவிலோ செயினிலோ மைக் உரசினால் எதிர்முனையில் சரசரவென்று கேட்கும்; சின்ன கிளிப்பில் ஒயரைக் குத்திவிட்டால் தீர்ந்தது. எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜர் போட்டிருந்தால் சில லேப்டாப்களில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் மைக்கில் ஏறும். சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் காரணம் அதுதான். முழு சார்ஜ் ஏற்றி வைத்துக்கொண்டு பேட்டரியிலேயே பேசலாம், அல்லது யுஎஸ்பி ஹெட்செட்டுக்கு மாறலாம்.

இன்னொன்று. இயர்போனைச் செருகியிருந்தாலும் செயலி பழையபடி லேப்டாப் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். இயர்போன் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். திரையில் ஒலிப் பட்டை துள்ளினால் சரி. ஜூம் என்றால் zoom.us/test போய், பேசியதைத் திரும்பக் கேட்டுவிடலாம்.

ஃபேனை நிறுத்துவதா? மே மாதத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன், வியர்த்து வழியும் முகத்தோடு யாரும் நன்றாகப் பேசுவதில்லை. சீலிங் ஃபேனை இரண்டில் வையுங்கள், மைக் வாய்க்கருகே இருப்பதால் சமாளித்துவிடும். டேபிள் ஃபேன்தான் எதிரி. காற்று நேரே மைக்கில் மோதினால் படபடவென்று அடிக்கும், அதைச் செயலியின் சத்தக் குறைப்பும் சுத்தமாக எடுக்காது.

இயர்போன் வாங்கியதுபோக அறுநூறு சொச்சம் மீதி. அதற்கு ஒரு மாதம் ரீசார்ஜ் போடச் சொன்னேன், வீட்டில் இன்னொரு நெட்வொர்க்கில் இருக்கும் அக்காவின் போனுக்கு. கோடை மழைக்கு முன் காற்று அடித்தால் கரண்ட் போகும். ஜன்னல் வெளிச்சமும் லேப்டாப் பேட்டரியும் தாக்குப்பிடிக்கும். ஆனால் டவர் மக்கர் செய்தால் ஹாட்ஸ்பாட் போய்விடும். அக்காவின் போனில் மீட்டிங் லிங்க்கை முன்பே திறந்து பார்த்து, லேப்டாப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டையும் ஒரு தடவை இணைத்துப் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்தாயிற்று.