முதலிரவு பயமா, ஓசிடியா: ஒரே கேள்வி, இரண்டு வேறு ஆட்கள்

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது "என்னால் முடியுமா?" என்று யோசிக்காத ஆண் குறைவு. அதே கேள்வி ஒருவனுக்குச் சாதாரணப் பதற்றமாகவும், இன்னொருவனுக்கு ஓசிடியாகவும், அதாவது ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து அதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வைக்கும் மனநலக் கோளாறாகவும், இருக்கலாம். கேள்வியை மட்டும் வைத்து எது என்று சொல்லவே முடியாது, கேள்வி வந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பேரை வைத்துக்கொள்வோம், இருவருக்கும் இருபத்தெட்டு வயது.

முதலாமவனுக்குப் பயம் வருவது ஒரு காரணத்தோடுதான். போன வருடம் ஒரு தடவை விறைப்பு சரியாக வரவில்லை, அன்று நல்ல போதை வேறு. டாக்டர் பரிசோதித்து "உடம்பில் ஒன்றுமில்லை, போதையிலும் பதற்றத்திலும் யாருக்கும் நடக்கும்" என்றால் அந்த ஆறுதல் பல வாரம் தாங்குகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவனுடைய சிக்கல் படுக்கையில்தான்: மனைவியோடு இருக்கும்போதே தன்னைத் தானே ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறான், விறைப்பு நிற்கிறதா என்று கவனிக்கிறான், கவனிப்பதாலேயே அது போய்விடுகிறது. இதை அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970லேயே விவரித்து வழியும் சொன்னார்கள். சில வாரங்களுக்கு உடலுறவே வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டு, தொடுவதோடு மட்டும் நிறுத்துவது. பரீட்சையே இல்லை என்றானதும் தோல்வி பயத்துக்கும் அங்கே வேலை இல்லாமல் போகிறது.

இரண்டாமவனுக்கும் ஆரம்பம் அதேதான். ஆனால் ஒரு நாள் ஜிம்மில் ஒருவரைப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே ஏதோ லேசாக அசைந்த மாதிரி இருந்தது, உடனே "அப்படியானால் நான் கேவா? அதனால்தான் பெண்ணிடம் முடியாதோ?" என்ற எண்ணம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அன்று இரவு போனில் ஒரு ஆண் படம், ஒரு பெண் படம் என்று மாற்றி மாற்றிப் பார்த்து எதற்கு என்ன ஆகிறது என்று சோதிக்கிறான். இங்கேதான் பொறி. உடம்பில் எந்த இடத்தின் மேல் கவனத்தைக் குவித்தாலும் அங்கே ஏதாவது உணர்வு தெரியும், பயமும் அதைக் கூட்டும், அதனால் அந்தச் சோதனையில் தெளிவான முடிவு வரவே வராது. பத்து நிமிடம் நிம்மதி, பிறகு "சரியாகப் பார்த்தேனா?" என்று மறுபடி முதலிலிருந்து. ஒன்பதாம் வகுப்பு நண்பனோடு தோளில் கை போட்டுத் திரிந்ததைக்கூடத் தோண்டி எடுத்து விசாரிக்கிறான். ஜிம்மை நிறுத்திவிட்டான். ஒரு நாளில் மூன்று மணி நேரம் இதிலேயே போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலே மருத்துவர்கள் ஓசிடியா என்று யோசிப்பார்கள்.

"ஒருவேளை அவன் உண்மையிலேயே தன்பாலீர்ப்பு உள்ளவனாக இருந்தால்?" நியாயமான கேள்விதான். தன் ஈர்ப்பைக் கண்டுகொள்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரு ஆசை இருக்கும், ஒரு ஆளின் நினைவு இனிக்கும், பயமெல்லாம் வீடும் ஊரும் என்ன சொல்லும் என்பதில்தான். இவனுக்கு இனிப்பதில்லை, சந்தேகம்தான் அரிக்கிறது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கே "நான் அப்படி இல்லையோ" என்று தலைகீழாக இந்த ஓசிடி வருவதுண்டு. ஆக நோய் இருப்பது ஈர்ப்பில் இல்லை, நூறு சதவீதம் உறுதி வேண்டும் என்று அடம்பிடிப்பதில். ஈர்ப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அதைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021லேயே உத்தரவிட்டிருக்கிறது.

முதலாமவனுக்கு மருந்தான ஆறுதல் இரண்டாமவனுக்குத் தீனி. "நீ கே இல்லடா" என்று நண்பன் சொல்லச் சொல்ல, அடுத்த தடவை இன்னும் அழுத்திக் கேட்பான். அவனுக்கான சிகிச்சை, பயத்தை எதிர்கொண்டு சோதனையைத் தடுப்பது. "நான் அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று ஒரு தாளில் எழுதிப் படிக்க வேண்டும், ஜிம்முக்குத் திரும்பப் போக வேண்டும், ஆனால் உடம்பைக் கவனித்துப் பார்க்கக் கூடாது, வீட்டுக்கு வந்து படம் பார்த்துச் சரிபார்க்கவும் கூடாது. முதல் சில நாள் பதற்றம் ஏறத்தான் செய்யும். ஏறினாலும் சோதிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுவதுதான் பயிற்சியே.

மாத்திரையிலும் வித்தியாசம் உண்டு. ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவில் தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். இவை ஆசையைக் குறைக்கலாம், விந்து வெளிவருவதைத் தாமதப்படுத்தலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாமவன் அதையே புதுச் சாட்சியாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுவான். அப்புறம், டாக்டரிடம் போகும்போது "ஆண்மைக்குறைவு" என்று மட்டும் ஆரம்பித்தால் பேச்சு விறைப்பு மாத்திரையோடு முடிந்துவிடலாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோதிக்கிறீர்கள், எவ்வளவு நேரம் போகிறது, யாரிடமெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.