கார் இன்ஷூரன்ஸ்: சாதா பாலிசியா, ஜீரோ டெப்பா?

இரண்டரை வருடம் ஓடிய, 1,200 சிசி கார் ஒன்று முன்பக்கம் இடிபட்டது. பிளாஸ்டிக் பம்பர் 10,000 ரூபாய், பானெட் உள்ளிட்ட இரும்புப் பாகங்கள் 20,000, கூலி 6,000. வரியை விட்டுவிடுவோம், மொத்தம் 36,000.

சாதா பாலிசியில் பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம், கார் புதிதோ பழையதோ. இரும்புக்கு வயதைப் பொறுத்து. இந்த வயதில் 15 சதவீதம். கண்ணாடிக்கும் கூலிக்கும் தேய்மானம் இல்லை. ஆக தேய்மானம் 8,000 போய், ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000-மும் போய், கிடைப்பது 27,000.

ஜீரோ டெப் எடுத்திருந்தால் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அந்த 1,000 இதிலும் நம் கையிலிருந்துதான். பலர் ஏமாறுவது இங்கே. கிடைப்பது 35,000. ஆயில், நட்டு, போல்ட்டுக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும்.

சரி, கார் நொறுங்கிப்போனால்? பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்புதான் ஐடிவி. பழுதுச் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு. ஐடிவி 5 லட்சம் என்றால் எல்லை 3.75 லட்சம். அப்போது இரண்டு பாலிசிக்கும் ஒரே தொகைதான்: கட்டாயக் கழிவு 1,000 போக 4,99,000. ஜீரோ டெப்புக்குக் கட்டிய கூடுதல் பிரீமியம் இங்கே உதவாது. பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்து எழுதியவருக்கு அடி இங்கேதான் விழும்.